மாசம் 15,386 ரூபாய் கட்டினாலும் அசலில் கழிவது 503 ரூபாய்தானா? வீட்டுக் கடன் இஎம்ஐ கணக்கு இதுதான்!

தேனி மாவட்டம் தேவாரத்தில் சொந்த இடத்தில் வீடு கட்ட, பெங்களூருவில் வேலை பார்க்கும் 28 வயது இளைஞர் ஒருவர் 2021-ல் 20 லட்ச ரூபாய் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாறும் வட்டி விகிதம், தொடக்கத்தில் 6.9%. காலம் 20 ஆண்டு. இஎம்ஐ 15,386 ரூபாய்.

இரண்டு ஆண்டுகள் ஒரு மாசம்கூடத் தவறாமல் கட்டியாச்சு. கட்டிய தொகை 3.69 லட்சம். ஆனால், ஸ்டேட்மென்ட்டில் கடன் பாக்கி இன்னும் 19 லட்சம் என்று இருக்கிறது. "மீதிப் பணம் எங்கப்பா போச்சு?" என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

முதலில் வட்டி, மிச்சம்தான் அசல்

ஒவ்வொரு மாசமும், அன்றைக்கு இருக்கும் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி போடப்படுகிறது. முதல் மாசம் பாக்கி 20 லட்சம். அதற்கு 6.9% என்றால் ஆண்டுக்கு 1,38,000 ரூபாய், மாசத்துக்கு 11,500 ரூபாய். இஎம்ஐயில் இதை எடுத்ததுபோக மிச்சமுள்ள 3,886 ரூபாய்தான் அசலில் கழியும்.

அடுத்த மாசம் பாக்கி கொஞ்சம் குறைவதால் வட்டியும் 22 ரூபாய் குறையும். அந்த 22 ரூபாய் அசல் பக்கம் சேரும். இப்படி மாசா மாசம் நகர்ந்து, இஎம்ஐயில் பாதிக்கு மேல் அசலுக்குப் போகத் தொடங்குவது 121-வது தவணையில், அதாவது 10 ஆண்டுகள் முடிந்த பிறகுதான். அதனால், முதல் இரண்டு ஆண்டில் அசல் ஒரு லட்சம் மட்டும் குறைந்ததில் தப்பு எதுவும் இல்லை. கணக்கு அப்படித்தான் வரும்.

வட்டி ஏறினால் என்ன ஆகும்?

2022 மே மாதத்தில் 4% ஆக இருந்த ரெப்போ விகிதத்தை ரிசர்வ் வங்கி அடுத்தடுத்து உயர்த்தியது. 2023 பிப்ரவரியில் அது 6.5% ஆனது. ரெப்போவோடு இணைந்த வீட்டுக் கடன்களின் வட்டியும் கூடவே ஏறியது. நம்ம தேவாரம் இளைஞருக்கு 6.9% என்பது 9.4% ஆகிவிடும். ஏற்றம் படிப்படியாகத்தான் வந்தது என்றாலும், கணக்கு எளிதாக இருக்க இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தமாக ஏறியதாக எடுத்துக்கொள்வோம்.

இப்போது 19 லட்சம் பாக்கிக்கு ஒரு மாச வட்டி மட்டும் 14,883 ரூபாய். இஎம்ஐ அதே 15,386 ரூபாயாக இருந்தால் அசலுக்குப் போவது வெறும் 503 ரூபாய். இந்த வேகத்தில் போனால் கடன் முடிய இன்னும் 36 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 30 வயதுக்காரர் 66 வயது தாண்டியும் கட்ட வேண்டியிருக்கும். இஎம்ஐ மாறாததால், வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. இதில் உள்ள சிக்கலே அதுதான்.

முதலில் பேசிய காலத்துக்குள்ளேயே, அதாவது மீதி 18 ஆண்டில் முடிக்க வேண்டும் என்றால் இஎம்ஐ சுமார் 18,270 ரூபாயாக உயர வேண்டும். மாசத்துக்குக் கூடுதலாக 2,900 ரூபாய்.

ஒரு லட்சம், பத்து ஆண்டு

இஎம்ஐயை உயர்த்த முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குடும்பத்துக்கு மலையில் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது, போடி ஏலத்தில் காய் விற்ற பணத்தில் ஒரு லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே அசலில் கட்டினால் பாக்கி 18 லட்சமாகும். மாச வட்டி 14,100 ரூபாயாக இறங்கும். அசலுக்குப் போகும் தொகை 503-லிருந்து 1,286 ரூபாயாக உயரும். மீதிக் காலம் 36½ ஆண்டிலிருந்து 26½ ஆண்டாகிவிடும்.

ஆனால், பணம் கட்டும்போது "இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைங்க" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இஎம்ஐயைக் குறைத்துவிட்டால் இந்தப் பலன் பெரும்பாலும் போய்விடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணம் கிடையாது.

எங்கே பார்ப்பது?

2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது இஎம்ஐயை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்கு வங்கி தர வேண்டும். இதுவரை வசூலான அசல், வட்டி, இஎம்ஐ தொகை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை உள்ள ஸ்டேட்மென்ட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது மீதித் தவணை எண்ணிக்கையைத்தான். மூன்று மாதத்தில் அது மூன்று குறைந்திருந்தால் எல்லாம் சரி. குறையாமல் கூடியிருந்தால், வட்டி ஏறி, கடன் காலம் நீண்டிருக்கிறது என்று அர்த்தம்.