குறிப்பெடுப்பது யார் முறை?

ஆண்கள் மிகுந்த பணியிடத்தில் ஒரு பெண்ணைக் களைப்படையச் செய்வது பல நேரங்களில் அவருடைய பதவிக்குரிய வேலை அல்ல. கூட்டத்தில் குறிப்பெடுப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு நடைமுறை சொல்லிக்கொடுப்பது, பிரிவுபசார விழாவுக்குப் பணம் வசூலிப்பது போன்ற சில்லறை வேலைகளே அவர் நேரத்தை விழுங்குகின்றன. இவை இல்லாமல் அலுவலகம் நடக்காது. ஆனால் பதவி உயர்வின்போது இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லுண்ட் உள்ளிட்ட 4 ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் காட்டுகிறது. மூன்று பேர் கொண்ட குழுவில் 2 நிமிடத்துக்குள் ஒருவர் முன்வந்து பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்றவர்களுக்குத் தலா 2 டாலர். யாருமே அழுத்தாவிட்டால் தலா 1 டாலர்தான். இருபாலரும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆனால் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்களே முன்வந்து அழுத்தினார்கள். ஆக, இது பெண்ணின் இயல்பு அல்ல. பெண் இருந்தால் அவள் செய்துவிடுவாள் என்று எல்லோரும், அந்தப் பெண்ணும்கூட, எதிர்பார்ப்பதன் விளைவு.

அப்படியானால் மறுத்துவிடலாமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல. உதவ மறுக்கும் பெண்ணின் மதிப்பு குறைகிறது, மறுக்கும் ஆணுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை என்பதை மேட்லின் ஹைல்மன், ஜூலி சென் ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனவே தனியாக மறுப்பதைவிட முறை வைப்பதே பாதுகாப்பானது. ஆறு பேர் கொண்ட பொறியாளர் குழுவில் வாரம் ஒரு கூட்டம் என்றால், பெயர் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் குறிப்பெடுக்கும் வேலை வரும். இந்த யோசனையைக் குழுத் தலைவரோ ஓர் ஆண் சகாவோ முன்வைத்தால் அது ஒரு பெண்ணின் புகாராகத் தெரியாது. ஒருவர் குறிப்பை அரைகுறையாக எழுதினால், "நீங்களே எழுதிவிடுங்களேன்" என்று வேலை பழையபடி பெண்ணிடம் திரும்பும். முறை உடைவது பெரும்பாலும் இங்கேதான். அரைகுறையானாலும் அவரே திருத்தி எழுத வேண்டும்.

மிச்சமாகும் நேரம் பலன் தர, சொன்ன கருத்து சொன்னவர் பெயரிலேயே நிற்க வேண்டும். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒருவர் முக்கியமான யோசனை சொன்னால், இன்னொரு பெண் அதை அவர் பெயரோடு திரும்பச் சொல்வார். அந்த யோசனையை வேறொருவர் தன்னுடையதாக்கிக்கொள்வது கடினமாயிற்று. குழுவில் ஒரே பெண் என்றால் இந்த ஏற்பாடு தானாக அமையாது. கூட்டத்துக்கு முன்பே நம்பகமான ஒரு சகாவிடம் யோசனையை விளக்கி, கூட்டத்தில் பெயரோடு வழிமொழியக் கேட்டுக்கொள்ளலாம்; கூட்டம் முடிந்த அன்றே அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடலாம்.