துண்டைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாவது ஏன்?

இரு முனைகளிலும் இழுத்துக் கட்டிய ஒரு தந்தியின் மேல் சீரான சுமை ஏறினால், அது எங்கே எவ்வளவு தாழும் என்பதை −u″ = 2 என்ற சமன்பாடு சொல்லும். தந்தியின் நீளம் 1, முனைகளில் தாழ்வு இல்லை என்று கொண்டால் விடை u = x(1−x). ஃபைனைட் எலிமென்ட் முறை இந்தத் தந்தியை h நீளமுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் விடை நேர்கோடு என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. இந்தக் கணக்கில் துண்டுகள் சந்திக்கும் புள்ளிகளில் விடை துல்லியமாகவே கிடைத்துவிடும். ஆகவே பிழை e என்பது ஒவ்வொரு துண்டிலும் வளைவுக்கும் நாணுக்கும் இடையே உள்ள இடைவெளிதான். துண்டின் இடது முனையிலிருந்து s தொலைவில் அது s(h−s). அதன் சரிவு h−2s.

பிழையை இரண்டு விதமாக அளக்கலாம். மதிப்பிலுள்ள பிழையை வர்க்கமாக்கி, தந்தி முழுவதும் தொகையிட்டு, வர்க்கமூலம் எடுத்தால் h²/√30 வரும். சரிவிலுள்ள பிழையை அதேபோல் அளந்தால் h/√3. தந்தியில் சேரும் ஆற்றல் சரிவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இரண்டாவதற்கு ஆற்றல் அளவு என்று பெயர். h = 1/4 எனில் மதிப்புப் பிழை 0.0114, சரிவுப் பிழை 0.1443. துண்டைப் பாதியாக்கினால் முன்னது ஏறத்தாழ 0.0029 ஆகிறது, அதாவது கால்வாசி. பின்னது 0.0722 தான், பாதி.

தந்திக்கு இதைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். முக்கோணங்களாகப் பிரித்த ஒரு தகட்டில் அது முடியாது. அங்கே சந்திப்புப் புள்ளிகளிலும் பிழை இருக்கும். சரிவைப் பற்றி மட்டும் ஓர் உறுதி உண்டு. துண்டுதோறும் நேராக இருக்கும் சார்புகளில், ஆற்றல் அளவில் உண்மை விடைக்கு மிக அருகில் இருப்பதையே இம்முறை தேர்ந்தெடுக்கிறது. சீ 1964-இல் தந்த துணைத்தேற்றத்தின் சாரம் இது. அதனால் சரிவுப் பிழை h அளவில் அடங்கிவிடும். மதிப்புகளைப் பற்றி முறை அப்படி எதையும் சொல்வதில்லை. சரிவுப் பிழையிலிருந்து நேராக வருவித்தால் மதிப்புப் பிழைக்கும் h தான் கிடைக்கும். இன்னொரு h எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

அதைக் காட்டும் வழியை ஜான்-பியேர் ஓபேன் 1967-இலும் யோவாகிம் நிட்ஷே 1968-இலும் வெளியிட்டார்கள். பிழையையே சுமையாக ஏற்றி இன்னொரு தந்திக் கணக்கை எழுதிக்கொள்வதுதான் உத்தி: −z″ = e, முனைகளில் z = 0. இதற்கு இருமைக் கணக்கு என்று பெயர். இருபுறமும் e-ஆல் பெருக்கிப் பகுதித் தொகையிட்டால் ∫e² = ∫e′z′. இனி ஒரு முக்கியமான உண்மை. துண்டுதோறும் நேரான எந்த v-ஐ எடுத்தாலும் ∫e′v′ = 0; ஃபைனைட் எலிமென்ட் விடை வரையறுக்கப்படுவதே இப்படித்தான். ஆகவே வலப்பக்கத்திலிருந்து v-ஐ இலவசமாகக் கழித்துக்கொள்ளலாம்:

∫e² = ∫e′(z′ − v′)

v-ஆக z-இன் நாண்களையே எடுத்துக்கொண்டால், சரிவில் z-க்கும் v-க்கும் உள்ள வேறுபாடு (h/π)‖z″‖-ஐத் தாண்டாது. ஆனால் z″ என்பது குறியைத் தவிர e தானே! எனவே ‖e‖² ≤ ‖e′‖ · (h/π) · ‖e‖. இருபுறமும் ஒரு ‖e‖-ஐ நீக்கினால் ‖e‖ ≤ (h/π)‖e′‖. தேடிய h இதுதான். u-ஐ நேர்கோடுகளால் நெருங்கும்போது ஒரு h கிடைக்கிறது, z-ஐ நெருங்கும்போது இன்னொன்று. z-ஐ யாரும் கணக்கிட வேண்டியதில்லை. அது காகிதத்தில் இருந்தாலே போதும். h = 1/4-க்கு இந்த வரம்பு 0.0115; உண்மைப் பிழை 0.0114. பொதுவான ஒரு வாதம் இவ்வளவு நெருங்கி வருவது அபூர்வம்.

வாதம் முழுவதும் ஒரே இடத்தில் தொங்குகிறது: z-இன் வளைவு e-இன் அளவுக்குள் அடங்க வேண்டும். தகட்டின் மூலைகளெல்லாம் வெளிப்பக்கமாகக் குவிந்திருந்தால் அடங்கும். L வடிவத் தகட்டில் உள்நோக்கிய 270 பாகை மூலையருகே சரிவு கட்டுக்கடங்காமல் போகிறது. சுமை எவ்வளவு சீராக இருந்தாலும் பொதுவாக அங்கே சரிவுப் பிழை h^(2/3), மதிப்புப் பிழை h^(4/3) என்றே குறையும். துண்டைப் பாதியாக்கும்போது மதிப்புப் பிழை நான்கில் ஒன்றாகாமல், சுமார் இரண்டரையில் ஒன்றாக மட்டும் குறைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். u தற்செயலாக வழவழப்பாக அமைந்திருந்தாலும் ஆபத்து நீங்காது. z-க்கு அந்த மூலை தெரியும் என்பதால், கூடுதலாக 2/3 படிக்குத்தான் உத்தரவாதம்.

மூலையே இல்லாமலும் உத்தி தவறலாம். துண்டுகளுக்கிடையே விடை தாவ அனுமதிக்கும் முறைகளில் சமச்சீரற்ற வகை ஒன்று உண்டு. அதில் u-இன் இடத்தில் z-ஐ வைத்தால் சமன்பாடு பொருந்தாது, அதனால் கழித்துக்கொள்ளும் உரிமையும் போய்விடும். இருபடிக் கோவைகளைக் கொண்டு அம்முறையை ஓட்டினால் ஆற்றல் அளவில் h² வருகிறது. மதிப்பில் h³ எதிர்பார்த்த இடத்திலும் h² தான் நிற்கிறது.