பீளை தள்ளும் கண்ணுக்கு ஒரு நிமிடத் தாள்

நாயின் கண்ணில் மஞ்சளும் பச்சையுமாகப் பீளை கட்டினால் பெரும்பாலும் ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வீட்டுக்கு வருகிறது. நான்கைந்து நாளில் பீளை குறைகிறது, நிறுத்தியதும் திரும்புகிறது, இன்னொரு பாட்டில் வாங்கப்படுகிறது. இரண்டாவது பாட்டிலுக்கு முன்னால் கண்ணீரை அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் வாதம், ஏனெனில் பீளைக்குப் பின்னால் இருப்பது வறண்ட கண்ணாக இருக்கலாம். இவ்வளவு ஈரமாக ஒழுகும் கண்ணை வறண்ட கண் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கண்ணீரில் நீரோடு எண்ணெயும் சளியும் கலந்திருக்கின்றன. நீர் வற்றினால் கழுவிச் செல்ல ஆளில்லாமல் சளி திரண்டு இமையில் ஒட்டுகிறது, அதில் கிருமியும் பெருகுகிறது. சொட்டு மருந்து கிருமியைக் குறைக்கிறது, கொஞ்சம் நனைக்கவும் செய்கிறது. நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாய்களில் இந்த வறட்சிக்கு மிகப் பொதுவான காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கி அழிப்பது. பக், ஷீட்ஸூ, லாசா ஆப்ஸோ, காக்கர் ஸ்பேனியல் ஆகியவற்றில் இதை அதிகம் காணலாம்.

அளக்கும் கருவி ஷிர்மர் தாள் எனப்படும் சிறு காகிதப் பட்டை. அதன் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, சரியாக 60 விநாடி விட்டு எடுத்து, நனைந்த நீளத்தை மில்லிமீட்டரில் படிப்பார்கள். 15-க்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு, 10-க்கும் 15-க்கும் இடையே சந்தேகம், 10-க்குக் கீழே நோய், 5-க்குக் கீழே கடுமை. எந்தச் சொட்டும் விடாமல், கண்ணைக் கழுவாமல் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும். மரத்துப்போக வைக்கும் சொட்டு போட்டபின் எடுத்த அளவு குறைவாகவே வரும், அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எண் மட்டும் தீர்ப்பல்ல என்பதும் உண்மைதான். அட்ரோபின் சொட்டும் சல்ஃபா மருந்துகளும் கண்ணீரைக் குறைக்கும், கண்ணில் புண் இருந்தால் வலியால் கண்ணீர் கூடவும் செய்யும். அதனால்தான் எண்ணைக் கருவிழியின் மங்கலோடும் சிவப்போடும் சேர்த்துப் படிக்கிறார்கள். புண் இருக்கிறதா என்று பார்க்கச் சாயச் சோதனையும் வேண்டும், ஏனெனில் புண்ணுள்ள கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு பேராபத்து.

ஆறு வயதுப் பக் ஒன்றுக்கு வலக்கண்ணில் 4, இடக்கண்ணில் 11 வந்ததாக வைத்துக்கொள்வோம். புண் இல்லை. மருத்துவர் 0.2 சதவீத சைக்ளோஸ்போரின் களிம்பை இரு கண்ணிலும் தினம் இரு வேளை போடச் சொல்கிறார். கூடவே செயற்கைக் கண்ணீர், ஆரம்பத்தில் நான்கைந்து முறை. முதலில் பீளையைத் துடைத்துவிட்டுச் சொட்டு, பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. முதல் இரண்டு வாரத்தில் எண் பெரிதாக நகராமல் போகலாம். பலர் மருந்தைக் கைவிடுவது இங்கேதான். சுரப்பி மீள ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். ஆறாவது வாரச் சோதனையில், அன்று காலைக் களிம்பையும் வழக்கம்போலப் போட்டிருக்கும்போது, வலம் 12, இடம் 17 என்று வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். நோய் தீர்ந்தது என்று பொருளில்லை. நிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி மீண்டும் தாக்கத் தொடங்கும், எண் மறுபடி விழும். எண் அசையவே இல்லையென்றால் செறிவை உயர்த்தலாம், டாக்ரோலிமஸுக்கு மாறலாம். முதல் அளவே 0 அல்லது 1 என்றிருந்த கண்ணில் சுரப்பி பெரும்பாலும் அழிந்திருக்கும், அங்கே பலன் குறைவு. தாமதத்தின் விலை அதுதான்.

விலை மலிவான செயற்கைக் கண்ணீர் மட்டும் போதாதா? அது சில மணி நேரம் நனைக்கும், சுரப்பியைக் காப்பாற்றாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை ஆயுள் முழுக்கப் போடலாமா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கண்ணில் இடும் சிறு அளவில் உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு. சில நாய்களுக்குக் கண் எரிச்சல் வரும், அதைச் சொன்னால் மருந்தை மாற்றுவார்கள். மனிதர்களுக்கான 0.05 சதவீத சைக்ளோஸ்போரின் சொட்டு இந்தக் களிம்பில் நான்கில் ஒரு பங்கு செறிவுதான் என்பதால் கடையில் கேட்டு வாங்கிவிட்டால் போயிற்று என்று இருக்கக் கூடாது. சிகிச்சையில்லாத கண்ணில் கருவிழி கறுத்துப் பார்வை போகிறது. அந்தக் கறுப்பு எளிதில் மறையாது.

மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டியது, இரு கண்ணின் எண்ணும் தேதியும் எழுதிய தாள். அடுத்த மருத்துவர் ஒப்பிட வேறு ஆதாரம் இல்லை. மூன்றாம் இமைச் சுரப்பி வெளியே தள்ளிச் செர்ரிப் பழம்போல் தெரியும்போது அதை வெட்டி எடுக்கச் சொன்னால், உள்ளே வைத்துத் தைக்க முடியுமா என்று கேளுங்கள். கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அங்கிருந்துதான் வருகிறது. கட்டணம் வாங்கிய சிகிச்சையில் அலட்சியம் நடந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அந்தத் தாள் அங்கும் பேசும்.