வரத்துக்குள் மாட்டிய இஞ்சி

ஞாயிறு, இரவு.

பதினோரு நாளா இழுத்தடிச்ச குறுக்கெழுத்தை இன்னிக்குச் சாயந்திரம் முடிச்சேன். சித்தப்பா நோட்டுல கட்டம் போட்டுக் கொடுத்தது. தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பழகி, அதே பாணியில் காசிமேட்டுச் சமாச்சாரத்தை வெச்சு இவரே ஒண்ணு செஞ்சிருக்கார். பந்தயம், அரைக் கிலோ மீன். என்ன மீன்னு கடைசி விடை சொல்லும்னார்.

இந்த வகைப் புதிரில் குறிப்பு வெறும் அர்த்தம் கேட்காது. குறிப்பின் ஏதாவது ஒரு முனையில் விடைக்கான பொருள் இருக்கும். மீதி, அந்தச் சொல்லைக் கட்டுவதற்கான செய்முறை. அடைப்புக்குள் எழுத்து எண்ணிக்கை. மெய்யும் ஒரு எழுத்துதான், ‘மீன்’ என்றால் ரெண்டு.

முதல்ல பிடிபட்டது தலைவெட்டு. “தலை போன கவலை, மீனவர் கையில் (2)”. ‘கவலை’யில் முதல் எழுத்தை எடுத்தா ‘வலை’. இது அஞ்சு நிமிஷம்.

அடுத்தது “கலை வரை, குழம்பிப் போனால் கடற்கரையிலிருந்து இழுக்கலாம் (4)”. ‘குழம்பி’ன்னு வந்தா எழுத்துகளை இடம் மாத்தணும்னு அர்த்தம். நாலு எழுத்தை 24 விதமா அடுக்கலாம். இங்கேதான் பள்ளிக்கூடத்துல தூங்கிட்டே கேட்ட நன்னூல் உதவிச்சு. தமிழ்ச் சொல் ‘லை’யிலோ ‘ரை’யிலோ தொடங்காது. அப்போ முதல் எழுத்து க, இல்லன்னா வ. 24 பாதியாகி 12 ஆச்சு. இழுக்கிறதுன்னா வலை, அதை எடுத்துட்டா மிச்சம் க, ரை. கரைவலை! (கடன் சொற்கள் இந்த விதியைக் கேட்காது. லாரி இருக்கு, ரப்பர் இருக்கு. பக்கத்து ராயபுரமே கேட்காது.) இதே மாதிரி உயிரெழுத்து கிடைச்சா அது சொல்லின் முதல்லதான் வரும், மெய்யெழுத்து முதல்ல வராது. ஆங்கிலத்துல இப்படி எழுத்துக்கு இடம் குறிச்சுத் தர்ற சலுகை இவ்வளவு கிடையாது.

“சிவனைக் கூப்பிட்டால் வரும் சிவந்த மீன் (4)”, சங்கரா. “கதையின் மையம் வதங்கினால் தெருவே மணக்கும் (4)”, கரு + வாடு. இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே போட்டது.

மாட்டினது இதுல:

“வரத்துக்குள் தலை போன இஞ்சி, விலை ஏறிய மீன் (5)”.

இஞ்சின்னதும் மசாலா ஞாபகம் வந்து ‘காரப்பொடி’ன்னு எழுதிட்டேன். அது மீனும்தான், அஞ்சு எழுத்தும்தான். விலை ஏறிய மீன் இல்லைங்கிறதைக் கண்டுக்கல. அதன் ரெண்டாவது எழுத்து ‘ர’, மேலிருந்து கீழே வர்ற நாலெழுத்துச் சொல்லுக்கும் ரெண்டாவது எழுத்து. அந்தக் குறிப்பு, “மீன் கழுவப் போடுவது, காமாலையில் கண்ணில் தெரிவது”. மஞ்சள்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா ‘ர’ இடிக்குது. மூணு நாள் ‘ர’வை நம்பி மஞ்சளைச் சந்தேகப்பட்டேன்! செய்முறை ஒத்துவராத விடையை மையில எழுதக் கூடாதுன்னு இப்போ தெரியுது.

காரப்பொடியை அழிச்சேன். ரெண்டாவது எழுத்து ‘ஞ்’ ஆச்சு. ஞ்-க்குப் பின்னாடி பெரும்பாலும் ச வரிசைதான் வரும். இஞ்சியில் தலை போனா மிச்சம் ‘ஞ்சி’. சரியா உட்காருது. மெய்யில் தொடங்குற துண்டு சொல்லுக்கு முன்னாடி நிக்க முடியாது, அதனால எதுக்குள்ளேயோ நுழைஞ்சாகணும். எதுக்குள்ள? வரத்துக்குள்.

இங்கே ஊர்ப் பழக்கமே காலை வாரிவிட்டது. “இன்னிக்கு வரத்து கம்மி”ன்னு காலையில மீன் மார்க்கெட்ல கேட்டுக் கேட்டு, எனக்கு ‘வரத்து’ன்னா அந்த வரத்துதான். வ, ர, த், து நாலு, ஞ், சி ரெண்டு, மொத்தம் ஆறு. கட்டம் அஞ்சுதான். எண்ணிப் பார்த்திருந்தா முதல் நாளே விட்டிருப்பேன். இன்னிக்கு மொட்டை மாடியில துணி எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி “மரத்துல காக்கா” என்றதும் பொறி தட்டிச்சு. மரம், மரத்துல. மகரத்தில் முடியுற சொல்லுக்கு வேற்றுமை உருபு சேரும்போது நடுவுல ‘அத்து’ வரும், ம் காணாமப் போகும். அப்போ ‘வரத்துக்குள்’ என்பது ‘வரம்’ ஆகவும் இருக்கலாம். வ… ஞ்சி… ரம்.

வஞ்சிரம்.

ஓடிப்போய்ச் சொன்னேன். சித்தப்பா உடனே ஒத்துக்கல. “மீன் பேர் சொல்லிட்டா ஆச்சா? எப்படி வந்துச்சு, சொல்லு.” எழுத்தெழுத்தாச் சொன்னேன். அப்புறம்தான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார்.

அவர் திரும்பி வர்றதுக்குள்ள அவருக்கு ஒண்ணு எழுதி நோட்டுல வெச்சிருக்கேன்: “பாயசத்தில் மிதப்பது, விடிகாலையில் காசிமேட்டில் சத்தம் போட்டு விடுவது (3)”.