‘உடனே’ என்றால் எத்தனை மணி?

காலை ஆறரை மணிக்கு அவர் என்னிடம் நீட்டிய பதிவேட்டில் ஐந்து வரிகள் இருந்தன.

‘உயர்திரு சூப்பர்வைசர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நேற்று இரவு நாலாவது மாடி ஆபீசில் பைப் வெடித்து தண்ணீர் நிறைய வந்துவிட்டது. நான் உடனே ஓடிப்போய் உடனே சாருக்கு போன் செய்து உடனே வால்வை மூடிவிட்டேன். இதில் என் மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படிக்கு, இரவு வாட்ச்மேன்.’

சென்னையில் ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு நான் மேற்பார்வையாளர். அவருக்கு ஆரணிப் பக்கம். முப்பது வருஷம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். இரவுக் காவலுக்கு வந்து அன்றைக்கு இருபதாவது நாள். வாழ்நாளில் அவர் எழுதிய முதல் சம்பவ அறிக்கை அது. பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. பேனா பிடித்திருந்த விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன.

தனியார் காவல் நிறுவனங்களுக்கென்று 2005-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி புதிதாகச் சேரும் காவலாளிக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி தர வேண்டும். தீயணைப்பு, முதலுதவி, போலீஸில் புகார் பதியும் முறை எல்லாம் அதில் உண்டு. அவரும் அதை முடித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் நள்ளிரவில் படிக்கட்டு வழியே தண்ணீர் இறங்கி வரும்போது எதைப் பார்த்துவைக்க வேண்டும், பார்த்ததை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

“அண்ணே, ‘உடனே’ன்னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு ‘உடனே’வுக்கும் மணி எத்தனை?” என்று கேட்டேன்.

அவர் அந்தத் தாளைக் கிழிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். பதிவேட்டில் பக்க எண் அச்சிட்டிருக்கும். ஒரு பக்கம் குறைந்தால், அதில் என்ன இருந்தது என்ற கேள்விக்குப் பிறகு யாராலும் பதில் சொல்ல முடியாது. எழுதியதன்மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே புதிதாகத் தொடங்கச் சொன்னேன். ‘நேற்று இரவு’ என்பதையும் எடுத்துவிட்டுத் தேதி போடச் சொன்னேன். இரவு பன்னிரண்டு தாண்டினால் தேதி மாறிவிடும். ஒரு மணிக்கு நடந்தது நேற்றா இன்றா என்று பத்து நாள் கழித்துப் படிப்பவருக்குத் தெரியாது.

பிறகு அவருடைய செல்போனை வாங்கி, அழைப்புகளின் நேரத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

‘12:30. நாலாவது மாடி ரவுண்டு. கதவு பூட்டி இருந்தது. தரையில் தண்ணீர் இல்லை.’

இந்த வரி அவர் முதலில் எழுதியதில் இல்லை. ஒன்றும் நடக்காத ரவுண்டை எதற்கு எழுதுவது என்று நினைத்திருக்கிறார். நடந்தது 12:30-க்குப் பிறகுதான் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

அடுத்து, தண்ணீரை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். 1:55 என்றார். அதற்கு முன்னால் எதையாவது கவனித்தீர்களா என்றதற்கு, இல்லை என்று தலையாட்டினார். சற்று யோசித்துவிட்டு, “மோட்டார் மட்டும் ஓடிச்சு சார். அது தானா ஓடுறதுதானே” என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் மொட்டைமாடியில் ஐயாயிரம் லிட்டர் டேங்க். அதில் 2,000 லிட்டர் குறைந்தால் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் கீழே உள்ள மோட்டாரைத் தானாகப் போட்டுவிடும். மாலையில் எல்லோரும் போன பிறகு டேங்க் நிரம்பி மோட்டார் நின்றுவிட்டால், காலைவரை அது ஓட வேலையே இல்லை. ஆள் இல்லாத கட்டடத்தில் நடுராத்திரி மோட்டார் ஓடுகிறது என்றால் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவர் அதைக் கேட்டது 1:30-க்கு. ரேடியோவில் நிகழ்ச்சி மாறிய நேரம் என்பதால் நினைவு இருந்தது.

எட்டு மணிக்குப் பிளம்பர் வந்தார். உடைந்த இடத்துக்குக் கீழே 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வால்வைத் திறக்கச் சொன்னார். பதினைந்து விநாடியில் நிறைந்தது. அப்படியானால் நிமிடத்துக்கு 80 லிட்டர். 2,000 லிட்டர் போக 25 நிமிடம். மோட்டார் 1:30-க்கு ஓடத் தொடங்கியது என்றால், குழாய் விட்டது ஏறத்தாழ 1:05-க்கு. 12:30 ரவுண்டில் தண்ணீர் இல்லை என்று அவர் சொன்னதோடு இது சரியாகப் பொருந்தியது. ரவுண்டு போகாமல் தூங்கியிருப்பார் என்று அந்த அலுவலகத்தார் காலையிலேயே பேசத் தொடங்கியிருந்தார்கள். ‘என் மேல் எந்தத் தவறும் இல்லை’ என்ற வரி அவரைக் காப்பாற்றியிருக்காது. ‘1:30. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது’ என்ற வரிதான் காப்பாற்றியது.

‘1:55. படிக்கட்டில் தண்ணீர் இறங்கும் சத்தம். படி ஏறிப் போனேன். லிப்டில் போகவில்லை. நாலாவது மாடிக் கதவுக்கு அடியில் இருந்து தண்ணீர் வந்தது. உள்ளே போகவில்லை. சாவி என்னிடம் இல்லை.’

லிப்டில் போகாதது நல்ல புத்தி. மேலிருந்து வழியும் தண்ணீர் லிப்ட் குழிக்குள்தான் முதலில் இறங்கும். உள்ளே போக முடியாமல் இருந்ததும் ஒருவகையில் நல்லதாயிற்று. அந்த அலுவலகத்தில் தரையிலேயே பிளக் பாயிண்ட்கள் உண்டு. கீழே மெயின் போர்டில் அந்த மாடிக்கான பிரேக்கரை இறக்கினாலும், உள்ளே இருக்கும் யு.பி.எஸ். தன் பேட்டரியிலிருந்து அந்த பாயிண்ட்களுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். விளக்கு அணைந்துவிட்டது, இனி பயமில்லை என்று தண்ணீரில் கால் வைப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. எலக்ட்ரீஷியன் வந்து யு.பி.எஸ்.ஸை நிறுத்தும்வரை யாரையும் உள்ளே விடவில்லை.

அடுத்த வரியில்தான் அவர் தயங்கினார். ‘சாருக்கு போன் செய்து தகவல் சொன்னேன்’ என்று எழுதிவிட்டு நேரம் போடாமல் நிறுத்தினார். செல்போனில் இரண்டு அழைப்புகள் இருந்தன. 1:59-க்கு ஒன்று. 2:04-க்கு ஒன்று. முதல் அழைப்பை நான் எடுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.

“அதை எப்படி சார் எழுதுறது” என்றார்.

“இழை அறுந்தா எந்த இடத்துல அறுந்ததுன்னு பார்த்துத்தானே அண்ணே முடி போடுவீங்க? இதுவும் அப்படித்தான். எழுதுங்க.”

எழுதினார். ‘1:59. சூப்பர்வைசருக்கு போன். எடுக்கவில்லை. 2:04. மறுபடி போன். பேசினார். 2:06. கீழே வந்து நாலாவது மாடி கரண்டை நிறுத்தினேன்.’

அதற்கு அடுத்து 2:20-க்கு வால்வு மூடப்பட்டிருக்கிறது. நடுவில் பதினான்கு நிமிடம். முதல் அறிக்கையில் ஒரே ஒரு ‘உடனே’வுக்குள் ஒளிந்திருந்தது இதுதான். அந்தப் பதினான்கு நிமிடத்தில் ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் கொட்டியிருக்கிறது.

டேங்கிலிருந்து நாலு குழாய்கள் இறங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட் வால்வு. எது எந்த மாடிக்கு என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் தீயணைப்புக்கான சிவப்புக் குழாய். அதைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முதல் வால்வை மூடியிருக்கிறார். நாலாவது மாடிக்கு ஓடிவந்து கதவில் காது வைத்தால் சத்தம் குறையவில்லை. மேலே ஓடி அதைத் திறந்துவிட்டு இரண்டாவதை மூடியிருக்கிறார். அதுவும் இல்லை. மூன்றாவது வால்வு பல வருஷம் யாரும் திருப்பாததால் இறுகிப் போயிருந்தது. சட்டையைக் கழற்றிச் சுற்றிப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்.

“நாலையும் ஒரேயடியா மூடியிருக்கலாமே அண்ணே?”

“மத்த ஆபீசுக்குத் தண்ணி நின்னா கேப்பாங்களோன்னு பயந்துட்டேன் சார்.”

இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் தண்ணீர் வேண்டியவர் ஒருவருமில்லை. நாலையும் மூடு என்று போனில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அரைத்தூக்கத்தில் ‘மேலே போய் வால்வை மூடுங்க’ என்று மட்டும் சொன்னேன். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

1:05-லிருந்து 2:20 வரை 75 நிமிடம். மொத்தம் 6,000 லிட்டர். 2,500 சதுர அடித் தரையில் அதைப் பரப்பினால் ஓர் அங்குல உயரம் நிற்கும். படிக்கட்டு வழியே கொஞ்சம் போய்விட்டது. மீதி தரைவிரிப்பையும் மேஜைக் கால்களையும் ஊறவைத்தது. கூரையில் நனைந்த ஜிப்சம் பலகைகள் விடிவதற்குள் ஒவ்வொன்றாக விழுந்தன.

கடைசியாக ஒரு திருத்தம். ‘பைப் வெடித்து’ என்பதை எடுக்கச் சொன்னேன். வெடித்ததை அவர் பார்க்கவில்லை. கதவுக்கு அடியில் வந்த தண்ணீரைத்தான் பார்த்தார். அதை மட்டுமே எழுத வேண்டும். பிளம்பர் ஏணியில் ஏறிப் பார்த்தபோது குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. எல்போ கழன்று வந்திருந்தது. ஒட்டும் பசை குழாய் முனையில் பாதி ஆழம்வரைதான் படிந்திருந்தது. பொருத்தியவர் எல்போவின் அடிவரை அழுத்தி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் பாதியோடு விட்டிருக்கிறார். பகலில் பத்துக் குழாய்கள் திறந்திருக்கும்போது அழுத்தம் குறைவாக இருக்கும். இரவில் எல்லாம் மூடியதும் டேங்க் உயரத்தின் முழு அழுத்தமும் அந்த இணைப்பின்மேல் விழும். எத்தனையோ இரவுகள் தாங்கிவிட்டு அன்றைக்கு விட்டுவிட்டது.

நான்காம் நாள் காப்பீட்டு சர்வேயர் வந்தார். குழாய் உடைந்து வரும் சேதம் வழக்கமான தீ விபத்துக் காப்பீட்டிலேயே அடங்கும். ஆனால் எப்போது தொடங்கியது, எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு சேதத்தைக் குறைக்க என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். சர்வேயர் பதிவேட்டை வாங்கி, கோடு இழுத்த பகுதியையும் சேர்த்து நிதானமாகப் படித்தார்.

“மோட்டார் சத்தத்தைக் கேட்டது யார்?”

“நான்தான் சார்” என்றார் அவர். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

அன்று மாலை நான் தகரத்தில் நாலு வில்லைகளை வெட்டி எடுத்துப் போனேன். அவர் பெயின்டால் மாடி எண்களை எழுதினார், தறிக்காரருக்கே உரிய நேர்கோட்டு எழுத்து. வால்வுகளில் கட்டி, ஒவ்வொன்றையும் ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம். அவர் பதிவேட்டைத் திறந்தார்.

‘மாலை 6:10. மொட்டைமாடி வால்வு நாலுக்கும் பெயர் கட்டியது. மூன்றாவது வால்வு இன்னும் இறுக்கமாக உள்ளது.’