கைநழுவிய டெண்டரும் குழுவுக்கு ஒரு மின்னஞ்சலும்

டெண்டர் கை நழுவிய பிறகு குழுவுக்கு எழுதும் மின்னஞ்சலை, மதிப்பெண் விவரம் கைக்கு வந்த பின்தான் எழுத வேண்டும். அதுவரை "விலை கூடப் போட்டுவிட்டோம்" என்ற ஊகம் மட்டுமே இருக்கும். அந்த ஊகம் பல சமயம் பாதி உண்மைதான்.

தரத்துக்கு 70 விழுக்காடும் விலைக்கு 30 விழுக்காடும் ஒதுக்கிய டெண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குறைந்த விலை கேட்டவருக்கு விலையில் 100 மதிப்பெண். மற்றவர்களுக்கு அதே விகிதத்தில் குறையும். தோற்ற நிறுவனம் தரத்தில் 84 பெற்று, 50 லட்சம் கேட்டது. வென்ற நிறுவனம் தரத்தில் 80தான் பெற்றது. ஆனால் கேட்டது 40 லட்சம். மொத்தத்தில் 82.8க்கு எதிராக 86. வித்தியாசம் 3.2.

விலையால் மட்டும் வெல்ல வேண்டுமென்றால் ஏறக்குறைய 44 லட்சத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். தரத்தின் மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முன்அனுபவத்துக்கான 10 மதிப்பெண்ணில் 5தான் கிடைத்திருக்கிறது. பழைய வேலை ஒன்றின் பணி நிறைவுச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. அந்த 5 மதிப்பெண்ணின் எடை 3.5. அது இருந்திருந்தால் 50 லட்சத்துக்கே 86.3 வந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் எழுதுபவருக்குச் சோதனை. சான்றிதழை இணைக்க மறந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரை எழுதினால் அடுத்த முறை அவர் தவறை மறைப்பார், மற்றவர்களும் மறைப்பார்கள். "சான்றிதழ் கோப்பில் சேரவில்லை. கடைசி இரவில் கோப்பு முடிக்கப்பட்டதால் மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. அட்டவணையை அப்படி வகுத்தது நான்" என்று தலைவர் எழுதினால் காரணம் முழுதாக வெளிப்படுகிறது. தவறைச் சொல்லும் இடத்தில் "நீங்கள்" வேண்டாம், "நாம்" போதும். தலைவரின் சொந்த முடிவுக்கு மட்டும் "நான்" வரலாம்.

நடந்ததைச் சொல்லும்போது பெயர் கூடாது. நடக்கப்போவதைச் சொல்லும்போது பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது. "இனி கவனமாக இருப்போம்" என்ற வரியால் எதுவும் மாறாது. அதற்குப் பதிலாக, கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே கோப்பை மூட வேண்டும். அதைத் தயாரிக்காத ஒருவர், வாடிக்கையாளரின் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட வேண்டும். பணி நிறைவுச் சான்றிதழ்களை எல்லாம் இந்த மாத இறுதிக்குள் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுதப்பட வேண்டும். இரண்டு மூன்று மாற்றங்களே போதும். பத்து எழுதினால் ஒன்றுகூட நடக்காது.

சரியாக அமைந்ததையும் அதே மின்னஞ்சல் பதிவு செய்ய வேண்டும். தரத்தில் வென்றவரைவிட 4 மதிப்பெண் கூடுதல் என்பது அடுத்த டெண்டரில் கைவிடக் கூடாத பலம். அந்த டெண்டரின் முதல் கூட்டத்தில் இந்த மின்னஞ்சலைத் திறந்து, மாற்றங்களில் எவை நிறைவேறின என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும்.