சீலா கேட்டால் எந்த மீன் வரும்?

எங்கள் வீட்டில் சீலா என்றால் ஒரே மீன்தான். தூத்துக்குடியில் கல்யாண வீட்டுக் குழம்புக்கும் விருந்தாளிக்கு வறுக்கவும் வாங்குவது அது. சென்னைக்குக் குடிவந்த புதிதில் அம்மா மீன் கடையில் போய் "சீலா இருக்கா?" என்று கேட்டாள். கடைக்கார அம்மாள் எடுத்துப்போட்டது நீளமூஞ்சி, கோரைப்பல், துருத்திய கீழ்த்தாடை. "இது ஊளில்லா!" என்றாள் அம்மா. "இதுதாம்மா சீலா. நீ கேக்கிறது வஞ்சிரம்" என்று பக்கத்துத் தட்டைக் காட்டினார் அவர். இருவரில் யாரும் தவறாகப் பேசவில்லை. தூத்துக்குடியில் சீலா என்று சொல்லும் மீனைச் சென்னையில் வஞ்சிரம் என்கிறார்கள். சென்னையில் சீலா என்று விற்பதைத் தூத்துக்குடியில் ஊளி என்கிறார்கள்.

ஒரே உயிருக்குப் பல பெயர் இருப்பது பெரிய சிக்கல் இல்லை. செம்போத்தைச் சிலர் செண்பகம் என்பார்கள். பறவை ஒன்றுதான், கேட்டுத் தெரிந்துகொண்டால் முடிந்தது. வஞ்சிரமும் கன்னியாகுமரியில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. ஒரு பட்டியல் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் இது. ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு உயிரைக் குறிக்கும்போது, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சந்தேகமே வருவதில்லை. சந்தேகம் வராததால் யாரும் சரிபார்ப்பதும் இல்லை.

இப்படி ஆவதற்குக் காரணம் பூசணிக்காயில் தெளிவாகத் தெரிகிறது. மஞ்சள் சதை உள்ள காய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. ஐரோப்பியர் கடல்வழி வந்த பிறகே நம் தோட்டத்துக்கு வந்தது. வெள்ளைச் சாம்பல் பூத்த காய் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே உண்டு. புதிதாக வந்ததற்கு ஒவ்வொரு வட்டாரமும் தன் போக்கில் பெயர் வைத்தது. ஒரு பக்கம் பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய் என்றார்கள், கொங்கு நாட்டில் அரசாணி, நாஞ்சில் நாட்டில் மத்தன். நெல்லைப் பக்கம் புதிய காயே பூசணி என்ற பெயரை எடுத்துக்கொண்டது; வெள்ளைக் காய்க்குத் தடியங்காய் என்ற பெயர் நின்றது. சென்னையில் பூசணிக்காய் என்றால் ஆயுதபூசைக்கு உடைக்கும் வெள்ளைக் காய். ஆகவே ஒரு சமையல் குறிப்பில் 'பூசணிக்காய் அரைக்கிலோ' என்று மட்டும் போட்டிருந்தால், எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்க முடியாது.

மீன் பெயர்களும் இப்படித்தான் பிரிந்தன. ஒரு பெயர் எத்தனை தூரம் பேச்சில் புழங்குகிறதோ அத்தனை தூரம்தான் அதன் எல்லை. ஒரு கரையில் வலை இழுப்பவர்களும் அதே கரையில் கூடை தூக்குபவர்களும் ஒத்துக்கொண்டால் அங்கே பெயர் நிலைத்துவிடும். நூறு மைல் தள்ளி இருப்பவரிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய தேவை அந்நாளில் இல்லை. மீன் பனிக்கட்டியில் மாவட்டம் தாண்டிப் போகத் தொடங்கிய பிறகே பெயர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

அப்படியானால் எந்த மீன் என்று எப்படி நிச்சயிப்பது? பெயரை ஒதுக்கிவைத்து உடம்பைப் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பக்கூடாது, பனிக்கட்டியில் கிடந்தால் வெளுத்துவிடும். முதலில் முதுகு. வஞ்சிரத்தின் முன் துடுப்பு நீளமானது. பதினைந்துக்கு மேல் முள் இருக்கும். அது முடிந்ததும் இரண்டாம் துடுப்பு தொடங்கிவிடும். அதற்குப் பின்னால் வால்வரை எட்டுப் பத்துக் குட்டித் துடுப்புகள் ரம்பப்பல் போல வரிசையாக நிற்கும், வயிற்றுப் பக்கமும் அப்படியே. ஊளிக்கு முதுகில் இரண்டு சின்னத் துடுப்புகள், இடையில் நல்ல இடைவெளி. முன்னதில் ஐந்தே முள். குட்டித் துடுப்பு ஒன்றுகூட இல்லை. பிறகு தோலை விரலால் தடவிப் பாருங்கள். ஊளியின் செதில் கண்ணுக்குத் தெரியும், வஞ்சிரத்தில் வழவழப்புத்தான். இந்த இரண்டு அடையாளம் போதும். தலையும் வாலும் போய்த் துண்டாகிவிட்டால் தோல் மட்டும்தான் சாட்சி. தோலும் உரித்துவிட்டால் மரபணுச் சோதனை ஒன்றே வழி. அதனால்தான் முழு மீனாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள் என்கிறேன்.

இத்தோடு முடியவில்லை. வஞ்சிரம் என்ற பெயருக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட இனம் அடங்கியிருக்கிறது. பக்கவாட்டில் செங்குத்தான அலைக்கோடுகள் இருந்து, உடம்பின் நடுவே ஓடும் பக்கக்கோடு இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்தில் சட்டென்று கீழே மடங்கினால் அது ஸ்கோம்பெரோமோரஸ் காமெர்சன். கோடு இல்லாமல் வட்டப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் ஸ்கோம்பெரோமோரஸ் குட்டேட்டஸ். குட்டேட்டஸ் என்றால் துளித்துளியானது என்று பொருள். இந்தப் புள்ளி மீனை 1801-இல் உலகுக்கு விவரித்தபோது அவர்கள் கையில் இருந்த மாதிரி நம் தரங்கம்பாடியில் பிடித்தது. அறிவியல் பெயரின் பலம் அங்கேதான் இருக்கிறது. அது ஒரு விவரிப்போடும் மாதிரியோடும் கட்டப்பட்டது. ஊர் மாறினாலும் கட்டு அவிழாது. தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனிக்கு மீன்களை அனுப்பியவர் ஜான் என்ற பாதிரியார். கத்தலை மீன் பேரினம் ஒன்றுக்கு ஜோனியஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அதில் ஓர் இனத்தின் பெயர் கருட்டா. நம் கரையில் சொல்லும் 'கறுத்த கத்தலை'யின் முதல் சொல்தான் அது. எங்கோ எழுதிய லத்தீன் நூலில் நம் மீனவர் வாய்ச்சொல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

அறிவியல் பெயரும் அசையாதது அல்ல. பிரான்சிஸ் டேயின் பழைய நூலில் வஞ்சிரம் சைபியம் என்ற பேரினத்தில் இருக்கும். பின்னாளில் பேரினத்தின் பெயர் மாறினாலும் இனத்தின் பெயர் பெரும்பாலும் தொடரும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். இணையத்தில் FishBase தளத்தில் Scomberomorus commerson என்று தட்டினால், எந்த நாட்டில், எந்த மொழியில் என்ன பெயர் என்ற பட்டியல் கிடைக்கும். மாவட்டம்வரை அது பிரித்துச் சொல்லாது. அதை நாம்தான் கேட்டுக் குறிக்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "இது சீலாதானே?" என்று கேட்டால், மரியாதைக்காகவே "ஆமாம்" என்பார்கள். "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் அதைப்போன்ற இன்னொன்றைத் தொட்டு, "அப்போ இது?" என்று கேட்க வேண்டும். எது எதிலிருந்து எப்படி வேறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, முதுகுத் துடுப்பை விரித்து, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூசணிக் குடும்பத்தில் படம்கூட வேண்டாம், காம்பும் பூவும் போதும். மஞ்சள் பூசணியின் பூ ஒட்டிய புனல், வெள்ளைப் பூசணியின் பூ இதழ் பிரிந்து விரிந்தது. மஞ்சளிலும் இரண்டு வகை கலந்து வரும். காம்பு ஐந்து பட்டையாய்க் கடினமாக, காயைத் தொடும் இடத்தில் விரிந்திருந்தால் குக்குர்பிட்டா மாஸ்கேட்டா. காம்பு உருண்டு, தக்கைபோல மெத்தென்று இருந்தால் குக்குர்பிட்டா மாக்ஸிமா.

அம்மா இப்போது சென்னைக் கடையில் பெயரே சொல்வதில்லை. முதுகில் ரம்பப்பல் இருக்கிறதா என்று பார்த்து, விரலால் காட்டி, "அது ஒண்ணு வெட்டுங்க" என்கிறாள். ஊருக்குப் போனால் மட்டும் சீலா.